வாளையாறு சாவடியிலிருந்து கஞ்சிக்கோடு கம்பெனிக்கு: ஒரு வரி அதிகாரியின் பயோ

கேரள மாநில ஜிஎஸ்டி துறையில் 24 ஆண்டு வேலை பார்த்த ஒருவர் விருப்ப ஓய்வில் வெளியே வருகிறார். மாநில வரி அதிகாரி பதவி. வீடு பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகா கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வீட்டில் தமிழ், ஆபீஸ் ஃபைலில் மலையாளம். கோவையில் தலைமை அலுவலகமும் வார்ப்படப் பட்டறையும், எல்லைக்கு அப்பால் கேரளத்தின் கஞ்சிக்கோட்டில் இயந்திர வேலைப் பிரிவும் வைத்திருக்கும் ஒரு பம்ப் கம்பெனியில் வரி, சரக்கு அனுப்பீடு இரண்டையும் பார்க்கும் மேலாளர் இடம் காலி. அந்த வேலைக்கு அவர் ஒரு பக்க பயோ கொடுக்க வேண்டும். ஆளும் கம்பெனியும் விளக்கத்துக்காக அமைத்துக்கொண்ட மாதிரி. சட்டமும் தொகைகளும் நடைமுறையில் உள்ளவை.

இப்படிப்பட்டவர்கள் கொண்டுவரும் முதல் வரைவு பெரும்பாலும் இந்த வார்ப்பில்தான் இருக்கும்:

“அரசுப் பணியில் 24 ஆண்டு மாசற்ற சேவை. வாளையாறு, கோபாலபுரம் சோதனைச் சாவடிகளில் பொறுப்பு வகித்தவர். வரி ஏய்ப்பைக் கண்டுபிடித்து அரசுக்குப் பெருமளவு வருவாய் ஈட்டித் தந்தவர். மேலதிகாரிகளின் பாராட்டுச் சான்றுகள் பெற்றவர். துறை அதிகாரிகளுடன் நல்ல தொடர்பு உடையவர். குறித்த நேரத்தில் பணி முடிப்பவர். நேர்மையும் கடின உழைப்பும் கொண்டவர்.”

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் கம்பெனி முதலாளி படிக்கும்போது இரண்டு வரிகள் நேர் எதிராக வேலை செய்கின்றன.

முதலாவது, வருவாய் ஈட்டித் தந்த வரி. அரசுக்கு வருவாய் என்பது வாசிப்பவருக்குச் செலவு. அபராதம் வசூலித்த தொகையைச் சாதனையாக எழுதினால், அந்த அபராதத்தைக் கட்டிய தரப்பில் உட்கார்ந்திருப்பவரிடமே அதைச் சொல்வதாக ஆகிவிடும். அந்த வேலைக்குள் கம்பெனிக்கு வேண்டிய அறிவு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது தொகையில் இல்லை. எந்தக் குறைக்காக லாரி நின்றது, அந்தக் குறை எங்கே பிறந்தது என்பதில் இருக்கிறது.

இரண்டாவது, “நல்ல தொடர்பு”. எழுதியவர் மரியாதையாக நினைத்து எழுதியிருப்பார். படிப்பவர் “செக்போஸ்ட்டில் ஒரு போன் போட்டால் வண்டியை விடுவார்கள்” என்று புரிந்துகொள்வார். அப்படிப் புரிந்துகொண்டு வேலைக்கு எடுக்கும் கம்பெனியில், முதல் வண்டி மாட்டும் நாளே சிக்கல் தொடங்கும். நல்ல கம்பெனியாக இருந்தால் அந்த வரியைப் பார்த்தவுடனே விண்ணப்பத்தை ஒதுக்கி வைக்கும். இரண்டில் எது நடந்தாலும் நஷ்டம் எழுதியவருக்குத்தான். அரசுப் பணியிலிருந்து தனியாருக்குப் போகிறவரின் பயோவில் மிகப் பெரிய பிழை அடக்கமும் இல்லை, அலுவலக நடையும் இல்லை. அறிவை விற்க வேண்டிய இடத்தில் பதவியின் செல்வாக்கை விற்பதுதான் அந்தப் பிழை.

மற்ற வரிகளை அடித்துவிடலாம். பாராட்டுச் சான்று துறைக்குள் செல்லும் நாணயம். நேர்மையும் உழைப்பும் எல்லா பயோவிலும் இருப்பதால் யாரும் படிப்பதில்லை.

அடுத்தது, பணிக்காலத்தைப் பதவிப் பெயர்களாகப் பார்க்காமல் தினசரி வேலையாகப் பிரிப்பது. இவருக்கு மூன்று காலம் இருக்கிறது. 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்து வணிகவரிச் சாவடிகள் எடுக்கப்படும் வரை சாவடி. அதன் பின், சரக்கு கிளம்பும் முன் போர்ட்டலில் எடுக்கும் மின்னணுச் சீட்டான இ-வே பில் மாநிலங்களுக்கு இடையே 2018 ஏப்ரல் 1-ல் கட்டாயமானதிலிருந்து, சாலையில் வண்டி நிறுத்திப் பார்க்கும் நடமாடும் குழு. 2023-ல் துறை வரிசெலுத்துவோர் சேவை, தணிக்கை, உளவு–அமலாக்கம் என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டபோது தணிக்கைப் பிரிவு.

சாவடிக் காலத்துக்கு ஒரு வரி போதும். இன்று இல்லாத சாவடியும் வழக்கொழிந்த வாட் படிவங்களும் கம்பெனிக்கு உதவாது. வாளையாறு என்ற பெயருக்கு மட்டும் அந்தப் பக்கத்தில் தனி எடை உண்டு என்பதால் அதை விட்டுவைக்கலாம். கோவை–பாலக்காடு சாலையில் லோடு ஓட்டும் கம்பெனிக்கு அந்த ஒரு சொல்லே முகவரி.

நடமாடும் குழுக் காலம்தான் பயோவின் உயிர். அங்கே என்ன செய்தார் என்று கேட்டால் “வாகனச் சோதனை” என்பார். விடாமல் கேட்க வேண்டும். வண்டி நின்றவுடன் எந்தக் காகிதத்தை முதலில் கேட்டீர்கள், எந்த இடத்தில் கண் நின்றது, அதன் பிறகு எந்தப் படிவம் போட்டீர்கள், பார்ட்டி என்ன கட்டினார்? பதில் இப்படி வரும்: இன்வாய்ஸ், இ-வே பில் இரண்டும் பார்ப்போம், பார்ட் பி-யில் வண்டி எண் சரியா, செல்லுபடி நேரம் முடிந்ததா, இன்வாய்ஸில் உள்ள சரக்கும் வண்டியில் உள்ளதும் ஒன்றா என்று பார்ப்போம், சந்தேகம் இருந்தால் எம்ஓவி-01-ல் டிரைவர் வாக்குமூலம், எம்ஓவி-02-ல் சரக்கைச் சரிபார்க்கும் உத்தரவு, நிறுத்தி வைத்தால் எம்ஓவி-06, பின்னர் எம்ஓவி-07 நோட்டீஸ், எம்ஓவி-09 உத்தரவு. படிவ எண்கள் பயோவுக்குள் வரக் கூடாது. ஆனால் அவற்றின் பின்னால் இருக்கும் பணக் கணக்கு வர வேண்டும்.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 18 சதவீத வரியுள்ள 8 லட்சம் ரூபாய் லோடு. வரி 1,44,000. ஜிஎஸ்டி சட்டத்தின் 129-ம் பிரிவின்படி சரக்கின் உரிமையாளர் முன்வந்து விடுவிக்கக் கேட்டால் அபராதம் வரியைப் போல இரு மடங்கு, அதாவது 2,88,000 ரூபாய். நிறுத்தி வைத்த 7 நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் கொடுத்த 7 நாளுக்குள் உத்தரவு என்பது சட்டத்தின் கெடு. பணமோ வங்கி உத்தரவாதமோ கட்டாமல் வாதாடினால் வண்டி அதுவரை நிற்க வேண்டியதுதான். லாரி வாடகைக் காத்திருப்பும், வாங்கியவரின் கோபமும் இதில் சேரவில்லை.

அதே லோடில் பிழை வேறு வகை என்றால்? வண்டி எண்ணில் ஓரிரு இலக்கம் மாறியிருக்கிறது. அல்லது ஜிஎஸ்டி எண் சரியாக இருந்து பெயரின் எழுத்து தவறியிருக்கிறது. அல்லது முகவரி சரியாக இருந்து பின்கோடு மட்டும் தப்பு, அதனால் செல்லுபடி நாளும் கூடவில்லை. 2018 செப்டம்பர் 14-ல் வந்த 64-ம் எண் சுற்றறிக்கை இவற்றுக்கு 129-ம் பிரிவு நடவடிக்கை வேண்டாம் என்கிறது. மாநிலம் தாண்டும் சரக்கானால் 1,000 ரூபாயோடு முடியும். 2,88,000-க்கும் 1,000-க்கும் நடுவே இருப்பது, எந்தக் குறை எந்தப் பக்கம் விழும் என்று தெரிந்த ஒருவர் லோடு கிளம்பும் முன் பார்த்தாரா என்பதுதான். கம்பெனி சம்பளம் கொடுக்கப்போவது இதற்கு. “வருவாய் ஈட்டித் தந்தவர்” என்று அவர் எழுதிய அதே வேலை, திருப்பிப் போட்டால் “நிறுத்தத்துக்கான காரணங்களை அறிந்தவர்” என்று ஆகிறது.

இங்கே பழைய நினைவில் எழுதுபவர்கள் சறுக்குவது உண்டு. 2022 ஜனவரி 1-க்கு முன் 129-ல் வரியும் அதற்குச் சமமான அபராதமும் என்ற கணக்கு. இன்றைக்கு அது இல்லை. இ-வே பில் செல்லுபடியும் ஒரு நாளுக்கு 100 கிலோமீட்டர் என்றிருந்தது, 2021 ஜனவரி 1 முதல் 200. பழைய எண்ணை பயோவிலோ நேர்காணலிலோ சொன்னால், கம்பெனியின் ஆடிட்டர் அங்கேயே ஆளை எடைபோட்டுவிடுவார்.

இனி கம்பெனியின் பக்கம். பயோ எழுதுவதற்கு முன் அந்தக் கம்பெனியின் சரக்கு எந்த வழியில் நகர்கிறது என்று ஒரு காகிதத்தில் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். இந்த மாதிரியில் கோவையில் வார்த்த உருப்படி கஞ்சிக்கோட்டுக்குப் போய், கடைந்து திரும்பி வருகிறது. தூரம் நாற்பது கிலோமீட்டருக்குப் பக்கம். முதலாளிக்கு இரண்டும் தன் இடம். சட்டத்துக்கு 33-ல் தொடங்கும் ஜிஎஸ்டி எண் வேறு நபர், 32-ல் தொடங்கும் எண் வேறு நபர். விலை வாங்காமல் அனுப்பினாலும் ஸ்டாக் மாற்றம் விநியோகமாகக் கருதப்படும்; மாநிலங்களுக்கு இடையிலான வரியான ஐஜிஎஸ்டி போட்ட இன்வாய்ஸ் வேண்டும். கஞ்சிக்கோட்டில் வெளியாளிடம் கூலிக்குக் கடைந்து வாங்கும் ஜாப் ஒர்க்குக்கு அனுப்பினால் டெலிவரி சலான் போதும். ஆனால் மாநிலம் தாண்டி ஜாப் ஒர்க்குக்கு அனுப்பும் சரக்குக்கு 50,000 ரூபாய் வரம்பு கிடையாது. பத்தாயிரம் ரூபாய்ச் சரக்கானாலும் இ-வே பில் வேண்டும். “சின்ன லோடுதானே” என்று டெம்போவில் ஏற்றி அனுப்புகிற பழக்கம் எல்லையோரப் பட்டறைகளில் சாதாரணம், மாட்டுவதும் அதில்தான். அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்பாவிட்டால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதி வரி கேட்பார்கள் என்பது இன்னொரு பொறி. சலான் கணக்கைச் சரியாக வைக்காத கம்பெனிக்கு அது தணிக்கையின்போதுதான் தெரியவரும்.

இந்த மூன்றையும் சாலையிலும் தணிக்கையிலும் எதிர்ப்பக்கமிருந்து பார்த்தவர் இவர். ஆகவே பயோவில் “ஜிஎஸ்டி சட்டத்தில் ஆழ்ந்த அறிவு” என்று எழுதுவதை விட “இரு மாநிலக் கிளைகளுக்கு இடையே ஸ்டாக் மாற்றம், ஜாப் ஒர்க் சலான்” என்று எழுதினால் கோவை கணக்குப் பிரிவில் தலை நிமிரும்.

தணிக்கைக் காலத்தைச் சுருக்கமாக வைக்கலாம். 65-ம் பிரிவுத் தணிக்கைக்கு 15 வேலை நாள் முன்னறிவிப்பு, தொடங்கியதிலிருந்து மூன்று மாதத்தில் முடிக்கும் கெடு, அதற்கு மேல் ஆறு மாதம் வரை நீட்டிப்பு. உள்ளே பார்ப்பது, விற்றவர்கள் காட்டிய பில்களைத் தொகுத்துத் தரும் ஜிஎஸ்டிஆர்-2பி-யில் வராத உள்ளீட்டு வரியை, அதாவது வாங்கும்போது கட்டிய வரியை, 3பி ரிட்டர்னில் எடுத்திருக்கிறார்களா, புத்தகத்து விற்பனையும் ரிட்டர்னும் ஒத்துப்போகிறதா, சலானில் போனது திரும்பி வந்ததா என்பது. இதை “தணிக்கைக் குழு கேட்கும் கேள்விகளைக் கம்பெனி முன்கூட்டியே தனக்குள் கேட்டுக்கொள்ளும் முறை” என்று மாற்றினால் போதும்.

“குறித்த நேரத்தில் பணி முடிப்பவர்” என்ற வரிக்கும் ஆதாரம் இந்த வேலைக்குள்ளேயே இருக்கிறது. வண்டியைப் பரிசோதித்தால் சுருக்க அறிக்கையை 24 மணி நேரத்துக்குள்ளும் முழு அறிக்கையை மூன்று நாளுக்குள்ளும் போர்ட்டலில் ஏற்ற வேண்டும். அரசு வேலை மெதுவாக நடக்கும் என்று நினைக்கும் முதலாளிக்கு இந்தத் தகவல் புதிது. நேர்காணலில் சொல்லலாம், பயோவில் இடமில்லை.

சட்டம் தடுக்கும் விஷயங்கள் இரண்டு இருக்கின்றன. எந்த டீலரை, எந்தப் பிராண்டை, எவ்வளவுக்குப் பிடித்தோம் என்பது வெளியே வரக் கூடாது. 158-ம் பிரிவு அதிகாரி அறிந்த வரி விவரங்களை வெளியிடத் தடை விதிக்கிறது. பெயரைச் சொல்லாமல் “பாலக்காட்டின் பெரிய சிமென்ட் டீலர்” என்று எழுதினாலும் அந்த ஊரில் எல்லாருக்கும் புரியும். துறைக்குள் இருந்து எடுத்த எண்ணிக்கைகளையும் தவிர்ப்பது நல்லது. எண் வேண்டும் என்றால் ஆண்டுகள், சட்ட விகிதங்கள், கெடுக்கள் போதும். அவை யாரும் சரிபார்க்கக்கூடியவை. வேலை தேடும் கம்பெனியின் ஃபைல் இவர் மேசைக்கு வந்திருந்தால், பயோவை எப்படி எழுதினாலும் அந்த இடத்துக்கு விண்ணப்பிக்கக் கூடாது.

இரண்டாவது, துறை முன் ஆஜராவது. 116-ம் பிரிவு, குரூப் பி கெசட்டட் பதவிக்குக் குறையாத இடத்தில் இரண்டு ஆண்டு இருந்த முன்னாள் அதிகாரி கட்சிக்காரர் சார்பில் ஆஜராகலாம் என்கிறது. ஆனால் ஓய்வோ ராஜினாமாவோ நடந்த நாளிலிருந்து ஓராண்டு முடியும் வரை கூடாது. கம்பெனியின் நிரந்தர ஊழியர் என்ற வகையில் வரலாமே என்று சிலர் வாதிடுவார்கள். தடை, சட்டத்தின் எந்த நடவடிக்கைக்கும் என்று விரிவாக எழுதப்பட்டிருப்பதால், முதல் வருடத்தில் அந்த வாதத்தில் இறங்காமல் விலகி நிற்பதே மேல். அதை பயோவிலேயே எழுதிவிடுவது இன்னும் நல்லது. செல்வாக்குக்காகக் கூப்பிடுகிற முதலாளி அந்த வரியிலேயே நின்றுவிடுவார். நடத்தை விதிகள் தனியாக இருக்கின்றன. ஓய்வுக்குப் பிந்தைய வேலைக்கு அனுமதி தேவையா என்பதைத் துறையிலேயே கேட்டு எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். விடுவிப்பு உத்தரவு கைக்கு வரும் முன் லிங்க்ட்இனில் புதுக் கம்பெனி பெயரைப் போடுவது வீண் வம்பு.

இத்தனைக்கும் பிறகு தேறிய பயோ:

“கோவை–பாலக்காடு எல்லை தாண்டும் சரக்குக்கான ஜிஎஸ்டி ஆவணங்களும் தணிக்கைத் தயாரிப்பும் இவர் துறை. கேரள மாநில ஜிஎஸ்டி துறையில் 24 ஆண்டு பணியாற்றி, மாநில வரி அதிகாரியாக விருப்ப ஓய்வு பெற்றவர். வாளையாறு உள்ளிட்ட எல்லைச் சாவடிகளிலும், இ-வே பில் வந்த பின் நடமாடும் சோதனைக் குழுவிலும் இருந்தவர். ஒரு லோடு எந்தக் குறைக்காக நிற்கிறது, அது 1,000 ரூபாயில் முடியும் எழுத்துப் பிழையா, வரியைப் போல இரு மடங்கு அபராதம் வரும் குறையா என்பதைக் காகிதம் பார்த்தே பிரிப்பவர். 2023 முதல் தணிக்கைப் பிரிவில் உற்பத்தி நிறுவனங்களின் உள்ளீட்டு வரி, ஸ்டாக் மாற்றம், ஜாப் ஒர்க் கணக்குகளைப் பரிசோதித்தவர். கம்பெனியில் ஏற்க விரும்பும் பொறுப்பு: லோடு கிளம்பும் முன் ஆவணச் சரிபார்ப்பு, சலான் திரும்புகைக் கண்காணிப்பு, தணிக்கைக்கு முன் உட்பரிசோதனை. நோட்டீஸ்களைத் தமிழ், மலையாளம், ஆங்கிலத்தில் படித்துப் பதில் வரைவு எழுதுவார். ஓய்வு பெற்ற நாளிலிருந்து ஓராண்டுக்குத் துறை முன் ஆஜராவது இவர் பணியில் சேராது.”

இதில் கவனிக்க வேண்டியது “ஏற்க விரும்பும் பொறுப்பு” என்ற சொல். தனியார் கம்பெனியில் இதுவரை எதையும் அமைத்துத் தந்ததில்லை, “அமைத்துத் தருபவர்” என்று எழுதினால் நேர்காணலின் முதல் கேள்வியே “எங்கே?” என்றுதான் வரும். இருந்தவர், பரிசோதித்தவர் என்பவை நடந்தவை. அமைப்பது இனிமேல். இரண்டையும் ஒரே காலத்தில் எழுதிக் கலப்பதுதான் இந்த வகை பயோக்களில் வரும் நுட்பமான பொய்.

மலையாளம் பற்றிய வரியைப் பலர் கடைசியில் அலங்காரமாக வைப்பார்கள். கஞ்சிக்கோடு பிரிவுக்கு வரும் கடிதத்தை யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லும் கோவைக் கம்பெனிக்கு அது அலங்காரம் இல்லை. இந்த ஆளுக்கு மட்டும் இயல்பாக அமைந்த தகுதி அது.

பயோ சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. கம்பெனியில் டெஸ்பாட்ச் பார்க்கும் ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, “இவர் வந்தால் நாளை காலை உங்கள் வேலையில் என்ன மாறும்?” என்று கேட்க வேண்டும். “வண்டி கிளம்பும் முன் அண்ணன் பில்லைப் பார்ப்பார்” என்று சொன்னால் சரி. “வண்டி மாட்டினால் சார் பேசிப்பார்” என்று சொன்னால், எந்த வரி அப்படிப் படிக்க வைத்தது என்று தேடி எடுக்க வேண்டும். பெரும்பாலும் அது பதவிப் பெயராக இருக்கும். முதல் வாக்கியத்தில் “முன்னாள் மாநில வரி அதிகாரி” என்று தொடங்கினால் மீதி அத்தனையும் அதன் நிழலில் போய்விடும். இரண்டாம் வாக்கியத்துக்குத் தள்ளினால் வேலை முன்னால் வரும். விற்பனைப் பிரிவு இவருடைய விசிட்டிங் கார்டில் முன்னாள் பதவியை அச்சடிக்கக் கேட்கும். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது.

ஓராண்டு முடிந்ததும் கடைசி வாக்கியத்தை எடுத்துவிடலாம். ஜிஎஸ்டி பிராக்டிஷனராகப் பிசிடி-01 படிவத்தில் பதிவு செய்துகொள்ளும் எண்ணம் இருந்தால், பதிவு கிடைத்த பிறகு அந்த இடத்தில் அதை எழுதலாம். விகிதமோ கெடுவோ மாறும்போது இரு மடங்கு, 1,000 ரூபாய் என்ற இரண்டு எண்களை மட்டும் சரிபார்த்தால் போதும், மற்றவை பழசாகாது.